உப்புவெளி மேல்மாடி வீட்டு வாடகை விளம்பரம் இத்தாலிய மொழியில்: "இரண்டு அறை வீடு" என்றால் பிலோகாலேதானே?

கடலோரம் | 2023 பெப்ரவரி 6, இரவு 9.40

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அன்ரி மேல்மாடியை வாடகைக்கு விடுகிறா. போன வருடம் அங்கே இருந்த இத்தாலியச் சோடி சொல்லித்தான் இந்த யோசனை வந்தது. சீசனுக்கு வந்து நாலைந்து மாதம் தங்குகிற இத்தாலியர்கள் ஒரு இணையப் பக்கத்தில் வீடு தேடுகிறார்களாம், அங்கே அவர்கள் மொழியிலேயே விளம்பரம் போட வேண்டும். எனக்கு இத்தாலிய மொழி கெஸ்ட்ஹவுஸ் வேலையில் காதால் வந்தது. சாப்பாடு, படகு, புறாமலை, இவை பற்றி எவ்வளவும் கதைப்பேன். வீட்டு விளம்பரம் எழுதியதில்லை.

அன்ரி தமிழில் எழுதித் தந்தது இது:

"உப்புவெளியில் கடற்கரைக்குக் கிட்ட, மேல்மாடி, 850 சதுர அடி, இரண்டு அறை, ஹோல், குசினி, பாத்ரூம், விறாந்தை. தளபாடம் உண்டு. வெளியால் தனிப் படி. வாடகை 65,000/-. ஆறு மாத அட்வான்ஸ்."

வீட்டுப் பிளானில் உள்ள அளவுகள்: ஹோல் 16 அடிக்கு 12 அடி 6 அங்குலம். பெரிய அறை 13 அடிக்கு 12 அடி. சின்ன அறை 10 அடி 8 அங்குலத்துக்கு 9 அடி 10 அங்குலம். குசினி 10க்கு 8. பாத்ரூம் 8க்கு 5. நடை 10 அடிக்கு 3 அடி 6 அங்குலம். விறாந்தை 20க்கு 6.

இரண்டு அறை என்பதால் "பிலோகாலே" என்று தொடங்கினேன். அந்தச் சோடி வாயில் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். சரிதானே?

றெஜ்ஜோ தம்பி | 2023 பெப்ரவரி 6, இரவு 10.15

இல்லை. இத்தாலியில் அறை எண்ணும்போது குசினியும் சேரும். என் அண்ணா றெஜ்ஜோ எமிலியாவில் இருக்கிறார், அவருடைய வீட்டுப் பத்திரத்தில் "4,5 வானி" என்று இருக்கிறது. அவருக்கும் இரண்டு படுக்கையறைதான். அதனால் நாலரை அறை என்று போடுங்கள். பிலோகாலே என்றால் ஆள் வராது.

கடலோரம் | 2023 பெப்ரவரி 6, இரவு 10.22

நாலரை அறையா? அரை அறையில் யார் படுப்பது?

பலெர்மோ அக்கா | 2023 பெப்ரவரி 7, காலை 6.05

தம்பிமார் இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. நான் பலெர்மோவில் வீடு மாறி மாறி வாடகைக்கு இருந்தவள், விளம்பரம் பார்த்துப் பார்த்துக் கண் பழகியிருக்கு.

விளம்பரத்தில் அவர்கள் எண்ணுவது படுக்கையறையையும் இருக்கிற ஹோலையும். குசினி, பாத்ரூம், நடை, விறாந்தை சேராது. பிலோகாலே என்றால் ஒரு ஹோல், ஒரு படுக்கையறை. உங்கள் அன்ரி வீட்டில் ஹோலும் இரண்டு படுக்கையறையும் இருக்கு, அது த்ரிலோகாலே. நாங்கள் "இரண்டு அறை வீடு" என்கிறபோது ஹோலை எண்ணாமல் விடுகிறோம், அவர்கள் எண்ணுகிறார்கள். பிலோகாலே என்று போட்டால் பிள்ளை குட்டியோடு வருகிறவர்கள் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார்கள். தனியாள் ஒருவர் வந்து, இவ்வளவு பெரிய வீடு எனக்கு ஏன் என்பார்.

றெஜ்ஜோ தம்பி சொன்ன நாலரையும் பொய்யில்லை, ஆனால் அது வேறு கணக்கு. அது காணி வீட்டுப் பதிவேட்டின் எண்ணிக்கை, வரி போடுவதற்கு. அதில் குசினியும் ஒரு முழு அறை. பாத்ரூம், நடை மாதிரித் துணை இடங்கள் மூன்றில் ஒன்றாகச் சேரும், கூட்டி வந்ததை அரைக்குச் சரிப்படுத்துவார்கள். இந்த வீட்டையே எடுங்கோ. ஹோல், இரண்டு அறை, குசினி, நாலு. பாத்ரூமும் நடையும் மூன்றில் இரண்டு. நாலே முக்காலுக்குக் கொஞ்சம் குறைய, அரைக்குச் சரிப்படுத்தினால் நாலரை. அண்ணாவின் பத்திரம் அப்படித்தான் வந்திருக்கும். பத்திரத்துக்கு அது சரி, விளம்பரத்துக்கு ஆகாது.

இன்னொன்று. பலெர்மோவில் த்ரிலோகாலே என்பதைவிட "த்ரிவானி" என்றுதான் நிறையப் பார்ப்பீர்கள். மிலானோ, தொரீனோ பக்கம் த்ரிலோகாலே. எல்லாருக்கும் விளங்கவேண்டும் என்றால் த்ரிலோகாலே எழுதி, பக்கத்திலேயே இரண்டு படுக்கையறை என்றும் சொல்லிவிடுங்கோ.

றெஜ்ஜோ தம்பி | 2023 பெப்ரவரி 7, காலை 8.30

அண்ணாவிடம் கேட்டேன். பத்திரத்தில் நாலரை, ஆனால் வீடு பிடிக்கும்போது விளம்பரத்தில் த்ரிலோகாலே என்றுதான் இருந்ததாம். அப்போ சரி. ஆனால் மேல்மாடியை "இரண்டாம் பியானோ" என்று எழுதுங்கள், இரண்டு தட்டு வீடுதானே.

பலெர்மோ அக்கா | 2023 பெப்ரவரி 7, மதியம் 1.10

ஐயோ தம்பி, இல்லை. கீழ்த் தட்டு பியானோ தெர்ரா, அதற்கு மேல் ப்ரீமோ பியானோ. இலங்கையில் நாங்கள் எண்ணுகிற மாதிரியேதான். இரண்டாம் பியானோ என்று போட்டால் இன்னொரு படி ஏற வேண்டும் என்று நினைப்பார்கள். வெளியால் தனிப் படி இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கோ. "இங்க்ரெஸ்ஸோ இந்திப்பெந்தென்தே" என்ற இரண்டு சொல்லுக்கு அங்கே நல்ல மதிப்பு.

கடலோரம் | 2023 பெப்ரவரி 7, இரவு 8.50

த்ரிலோகாலே, ப்ரீமோ பியானோ. அக்கா, நன்றி. எழுதிக்கொண்டேன்.

இப்போ அளவு. அடியை 0.3048 ஆல் பெருக்க வேண்டும் என்பது தெரியும். சின்ன அறைக்குப் போன் கல்குலேட்டரில் 10.8 என்றும் 9.10 என்றும் அடித்தேன். 3.29க்கு 2.77 வந்தது. அந்த அறைக்குள் நிற்கிறபோது இவ்வளவு ஒடுக்கமாகத் தெரியவில்லையே என்று ஒரு சந்தேகம்.

பழைய ஓவர்சியர் | 2023 பெப்ரவரி 7, இரவு 9.25

அங்குலம் பன்னிரண்டுக்கு ஒரு அடி. புள்ளிக்குப் பின்னால் அங்குலத்தை எழுதக்கூடாது. 8 அங்குலம் 0.67 அடி, 10 அங்குலம் 0.83 அடி.

10.67 × 0.3048 = 3.25
9.83 × 0.3048 = 3.00

நீர் போட்டதில் ஒரு பக்கம் 4 சென்றிமீற்றர் கூடி, மற்றப் பக்கம் 23 சென்றிமீற்றர் குறைந்துவிட்டது. பரப்பு 9.75 வர வேண்டியது 9.1 ஆகிவிட்டது. 10 அங்குலம், 11 அங்குலம் வருகிற இடத்தில்தான் இந்தப் பிழை பெரிதாக அடிக்கும். 6 அங்குலத்தில் தெரியவே தெரியாது, ஆகையால் பிடிபடாமல் போகும்.

கடலோரம் | 2023 பெப்ரவரி 7, இரவு 10.40

நன்றி ஐயா. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். ஹோல் 18.6 சதுர மீற்றர், பெரிய அறை 14.5, சின்ன அறை 9.75, குசினி 7.4, பாத்ரூம் 3.7, நடை 3.25. மொத்தம் 57. விறாந்தை 11. இரண்டையும் கூட்டினாலும் 68தான் வருகிறது.

ஆனால் அன்ரி சொன்ன 850 சதுர அடி 79 சதுர மீற்றர் ஆகிறது. மீதி பதினொன்று எங்கே போனது? அன்ரியிடம் கேட்கலாம் என்றால், "நான் ஏமாத்துறேன் எண்டு சொல்லுறியோ" என்று வரும். கேட்கவில்லை.

பாலையூற்றுப் பிள்ளை | 2023 பெப்ரவரி 8, காலை 7.15

இத்தாலி வீட்டு அளவு பற்றிக் கதைக்கிறீர்கள் போல. என் கணவர் நாப்போலியில். எங்களை எடுக்க வீட்டுச் சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள், வீடு சின்னன் என்று அங்கத்தைய நகரசபையான கொம்யூனேயில் திருப்பிவிட்டார்கள். நானும் இரண்டு பிள்ளைகளும், அவரோடு நாலு பேர். எத்தனை மீற்றர் இருந்தால் கொடுப்பார்கள்? அன்ரி வீட்டு அளவு சரிவருமா?

பலெர்மோ அக்கா | 2023 பெப்ரவரி 8, காலை 9.00

தங்கச்சி, அன்ரி வீடு திருகோணமலையில். அதைக் காட்டி நாப்போலியில் சான்றிதழ் எடுக்க ஏலாது.

ஆனால் கேட்டது நல்ல கேள்வி, கடலோரம் தம்பியின் பதினொன்றுக்கும் அது உதவும். அந்தச் சான்றிதழுக்குப் பெரும்பாலும் பார்ப்பது 1975 ஜூலை 5ஆம் தேதி அமைச்சு ஆணையின் அளவுகளை. முதல் நாலு பேருக்கு ஆளுக்கு 14 சதுர மீற்றர், அதற்கு மேல் ஆளுக்கு 10. நாலு பேருக்கு 56. ஒருவர் படுக்கிற அறை குறைந்தது 9, இரண்டு பேர் படுக்கிற அறை 14. எல்லாக் கொம்யூனேயும் ஒரே மாதிரி நடப்பதில்லை, அதனால் உங்கள் கணவரிடம் அவருடைய கொம்யூனே எந்த அளவுகோல் பார்க்கிறது என்று முதலில் கேட்கச் சொல்லுங்கோ. எந்தப் பரப்பைப் பார்க்கிறார்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கோ. விளம்பரத்தில் 65 என்று எடுத்த வீடு உள்ளே அளந்தால் 52 ஆக இருக்கும், அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்.

ஏன் அப்படி என்றால், அங்கே இரண்டு பரப்பு இருக்கு. கால் வைத்து நடக்கிற தரை மட்டும் என்றால் "கல்பெஸ்தாபிலே". சுவரையும் சேர்த்து, பல்கனியில் ஒரு பங்கையும் சேர்த்தால் "கொம்மெர்ச்சாலே". விளம்பரத்தில் சதுர மீற்றருக்கு வெறுமனே mq என்று போட்டிருந்தால் அது அநேகமாக இரண்டாவது. தம்பியின் 57 முதலாவது. அன்ரியின் 79 என்னவென்று ஓவர்சியர் ஐயா சொல்லுவார்.

பழைய ஓவர்சியர் | 2023 பெப்ரவரி 8, பகல் 11.30

79 பிளானில் வருகிற தளப் பரப்பு. வெளிச் சுவரின் வெளி ஓரத்திலிருந்து அளப்பது. விறாந்தை முழுதாகச் சேரும். வெளிச் சுவர் 9 அங்குலம், உள் சுவர் நாலரை அங்குலம் என்றால் இந்த அளவு வீட்டுக்குச் சுவர் மட்டுமே 100 சதுர அடிக்கு மேல் தின்னும். அறைகளும் நடையும் 616, விறாந்தை 120, மீதி 114 சுவர். கூட்டினால் 850. அம்மா ஏமாற்றவில்லை.

கடலோரம் | 2023 பெப்ரவரி 8, மாலை 6.15

நல்ல வேளை கேட்கவில்லை.

அப்போ ஒரே வீட்டுக்கு மூன்று எண்ணா? அன்ரிக்கு 79, நடந்தால் 57, நடுவில் அந்த கொம்மெர்ச்சாலே எவ்வளவு?

பலெர்மோ அக்கா | 2023 பெப்ரவரி 8, இரவு 10.10

பதிவேட்டுக்கான 1998ஆம் ஆண்டு விதியில், ஹோலோடு அல்லது அறையோடு கதவால் சேர்ந்திருக்கிற பல்கனியை 30 வீதம் எண்ணுவார்கள், 25 சதுர மீற்றர் வரைக்கும். அதற்கு மேலே போனதை 10 வீதம். உங்கள் விறாந்தை 11, அதில் 30 வீதம் மூன்று சொச்சம். அறைகள் 57, சுவர் பத்தரை, விறாந்தை மூன்று. 71 வரும். சில ஏஜென்சிக்காரர் 25 வீதம் என்பார்கள், சிலர் 35 என்பார்கள். அந்தச் சண்டையில் ஒரு மீற்றர் கூடக் கூடாது, குறையாது.

என் எண்ணம், 79ஐ எழுதவே கூடாது. அந்தக் கணக்கு அவர்களிடம் இல்லை. 57 கல்பெஸ்தாபிலே, விறாந்தை 11 தனியாக. அந்தச் சொல்லோடு எழுதினால் வாசிக்கிறவருக்கு மதிப்பு கூடும், ஏனென்றால் கூட்டிக் காட்டவில்லை என்று தெரியும்.

பழைய ஓவர்சியர் | 2023 பெப்ரவரி 9, காலை 6.50

57 என்று எழுதுமுன் ஒன்று. இந்த அளவுகள் பிளானில் இருந்தவை. பிளான் செங்கல்லிலிருந்து செங்கல்லுக்கு. இரண்டு பக்கமும் சாந்து பூசின பிறகு அறை ஒவ்வொரு திசையிலும் ஒரு அங்குலத்துக்கு மேல் சிறுக்கும். வீட்டை ரேப் பிடித்து அளந்தீரா?

றெஜ்ஜோ தம்பி | 2023 பெப்ரவரி 9, காலை 7.40

ஒரு அங்குலத்துக்கு ஏன் இந்தப் பாடு ஐயா. கிட்டத்தட்ட என்பதற்கு "சிர்க்கா" என்று ஒரு சொல் போட்டால் முடிந்தது.

பழைய ஓவர்சியர் | 2023 பெப்ரவரி 9, காலை 8.05

பெரிய அறை 14.5. அக்கா சொன்ன எல்லை 14. ஒரு அங்குலம் அங்கேதான் வேலை காட்டும்.

கடலோரம் | 2023 பெப்ரவரி 9, இரவு 7.30

போய் அளந்தேன். அன்ரி தேத்தண்ணி தந்து, எதற்கு இப்போ அளக்கிறாய் என்று பின்னாலேயே வந்தா. இத்தாலியனுக்கு மீற்றரில் வேண்டுமாம் என்றேன். "ரேப்பிலயே மறுபக்கம் மீற்றர் இருக்கே" என்றா. உண்மை. நாங்கள் மூன்று நாளாகப் பெருக்கிக்கொண்டிருந்தோம்.

மீற்றர் பக்கத்தால் அளந்தது: ஹோல் 4.85க்கு 3.78. பெரிய அறை 3.93க்கு 3.63. சின்ன அறை 3.22க்கு 2.97. குசினி 3.02க்கு 2.41. பாத்ரூம் 2.41க்கு 1.49. நடை 3.02க்கு 1.04. எல்லாப் பக்கமும் பிளானைவிட 3 சென்றிமீற்றர் போலக் குறைவு, ஐயா சொன்ன மாதிரியே. மொத்தம் 56 சதுர மீற்றர். பெரிய அறை 14.27, தப்பியது. சின்ன அறை 9.56, அதுவும் தப்பியது.

பெருக்கியது வீண் என்றும் சொல்ல மாட்டேன். ஹோல் நீளத்தை முதலில் 4.58 என்று எழுதிவிட்டேன், பிளானிலிருந்து வந்த 4.88 பக்கத்தில் இருந்தபடியால் திரும்பப் போய் அளந்தேன்.

பலெர்மோ அக்கா | 2023 பெப்ரவரி 9, இரவு 9.15

நல்லது. அப்போ பெரியதைக் காமெரா மாத்ரிமோனியாலே என்றும், சின்னதைக் காமெரா சிங்கோலா என்றும் தைரியமாக எழுதலாம். இத்தாலியச் சட்டம் உப்புவெளிக்கு வராதுதான், ஆனால் வாசிக்கிறவருடைய தலைக்குள் அந்த அளவு இருக்கு. மாத்ரிமோனியாலே என்றால் இரட்டைக் கட்டில் போட்டு, அலுமாரி வைத்து, சுற்றி நடக்கலாம் என்று எதிர்பார்ப்பார்.

குசினியைக் "குச்சீனா அபித்தாபிலே" என்று போடச் சொல்லி அன்ரி கேட்டால் விடாதீர்கள். அது உள்ளே மேசை போட்டிருந்து சாப்பிடுகிற குசினி. உங்களுடையது 2.41 அகலம், ஒரு பக்கம் சிலாப் போனால் நாலு பேர் உட்கார முடியாது. "குச்சீனா செப்பராத்தா", தனிக் குசினி, அவ்வளவும் போதும். ஹோலின் மூலையில் அடுப்பு வைத்திருக்கிற வீடு அங்கே நிறைய, அதனால் தனியாக இருப்பதே ஒரு நல்ல விசயம்.

குசினி, குச்சீனா என்று சொல்லிப் பாருங்கோ. போர்த்துக்கீசர் எங்களுக்குத் தந்துவிட்டுப் போனதால் இந்த ஒரு சொல்லை மட்டும் நான் வந்த முதல் நாளே விளங்கிக்கொண்டேன்.

கடலோரம் | 2023 பெப்ரவரி 9, இரவு 9.50

அப்படியென்றால் விறாந்தையும் சுகம்தானே. வெராண்டா என்று அப்படியே போட்டுவிடுகிறேன்.

பலெர்மோ அக்கா | 2023 பெப்ரவரி 10, காலை 5.55

அதை மட்டும் செய்யாதீர்கள்! அங்கே வெராண்டா என்றால் பக்கங்களைக் கண்ணாடியால் அடைத்த இடம். கண்ணாடி போட்டதற்குக் கொம்யூனே அனுமதி உண்டா என்று சண்டை பிடிக்கிற இடம். வருகிறவர் மழைக்காலத்தில் உள்ளே இருந்து வாசிக்கலாம் என்று நினைப்பார், வந்து பார்த்தால் கைபிடிச் சுவரும் ஓட்டுக் கூரையும் காற்றும். "பல்கோனே கொப்பெர்த்தோ" என்று எழுதுங்கோ. கூரை போட்ட பல்கனி.

றெஜ்ஜோ தம்பி | 2023 பெப்ரவரி 10, காலை 8.20

அண்ணா சொல்கிறார் அதற்குச் சரியான சொல் லோஜ்ஜா என்று. பல்கோனே என்றால் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டுமாம். இது கீழ் விறாந்தைக்கு மேலே இருக்கிறதுதானே?

பலெர்மோ அக்கா | 2023 பெப்ரவரி 10, மதியம் 12.40

அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கு. கட்டட விதிப் புத்தகத்தின்படி, கூரை உள்ளது, ஒரு பக்கமாவது திறந்தது, கைபிடி உள்ளது, இதெல்லாம் லோஜ்ஜாதான். ஆனால் லோஜ்ஜா என்றதும் எனக்கு நினைவு வருவது தூண், வளைவு வைத்த பழைய மாளிகை. அன்ரி வீட்டுப் படத்தைப் போட்டுவிட்டு லோஜ்ஜா என்றால் சிரிப்பார்கள். நான் பல்கோனே கொப்பெர்த்தோவிலேயே நிற்கிறேன். அண்ணாவுக்கு என் வணக்கம்.

நிலாவெளிக்காரன் | 2023 பெப்ரவரி 10, பிற்பகல் 3.00

வளவு எத்தனை பேர்ச் என்று எழுதவில்லையே? எங்களுடையது 12 பேர்ச், 303 சதுர மீற்றர் என்று போட்டேன், உடனே ஆள் வந்தது.

கடலோரம் | 2023 பெப்ரவரி 10, மாலை 5.20

உங்களுடையது முழு வீடு, வளவோடு. இது மேல்மாடி. வளவு கீழே இருக்கிற அன்ரிக்கும் அவவுடைய கோழிகளுக்கும். அதை மீற்றரில் போட்டால் அவனுக்கும் பங்கு என்று நினைத்துவிடுவான்.

எனக்கு இப்போ தலையிடி அட்வான்ஸ்தான். ஆறு மாத அட்வான்ஸ். அந்தச் சோடி போன வருடம் "கப்பார்ரா" என்று ஒரு சொல் சொன்னார்கள். அதைப் போடலாமா?

பலெர்மோ அக்கா | 2023 பெப்ரவரி 10, இரவு 9.35

முதலில் அன்ரியிடம் ஒரு கேள்வி. அந்த ஆறு மாதக் காசு போகும்போது திரும்பக் கிடைக்குமா, அல்லது மாதா மாதம் வாடகையில் கழிபடுமா?

எங்கள் ஊரில் இரண்டையும் அட்வான்ஸ் என்றுதான் சொல்வோம். அங்கே இரண்டுக்கும் வேறு வேறு பெயர். திருப்பிக் கொடுக்கிற காசு "தெப்போசித்தோ கௌத்சியோனாலே". வாடகையில் கழிகிற காசு "அந்திச்சிப்போ". கப்பார்ரா என்பது சட்டப்படி பேச்சை உறுதிப்படுத்தக் கொடுப்பது, கொடுத்தவர் பின்வாங்கினால் போய்விடும். சனங்கள் வாய்ப்பேச்சில் எல்லாவற்றையும் கப்பார்ரா என்பார்கள், அதனாலேயே எழுத்தில் வேண்டாம்.

1978ஆம் ஆண்டின் 392ஆம் இலக்கச் சட்டப்படி அங்கே டிப்போசிட் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்க முடியாது. ஆறு மாத டிப்போசிட் என்று எழுதினால், சட்டம் இங்கே செல்லாது என்று தெரிந்தாலும், ஏதோ மோசடி என்று பக்கத்தை மூடிவிடுவார்கள்.

கடலோரம் | 2023 பெப்ரவரி 11, காலை 10.30

கேட்டேன். மூன்று மாதம் போகும்போது திருப்பிக் கொடுப்பாவாம், உடைவு சேதம் இருந்தால் கழித்து. மற்ற மூன்று மாதமும் வாடகையில் கழியுமாம். அன்ரியின் தலைக்குள் இது எப்போதும் இரண்டாகத்தான் இருந்திருக்கிறது, எழுதும்போதுதான் ஒன்றாகிவிட்டது. போன வருடம் அந்தச் சோடி போகிற நாளில் ஆறு மாதக் காசையும் திருப்பிக் கேட்டு ஏன் முகம் கோணினார்கள் என்று இப்போதுதான் விளங்குகிறது.

எழுதி முடித்துவிட்டேன். பாருங்கள்:

```
AFFITTASI - Uppuveli, Trincomalee (Sri Lanka)
Trilocale arredato, due camere da letto,
primo piano, ingresso indipendente (scala esterna).
Superficie calpestabile: circa 56 mq
+ balcone coperto di circa 11 mq

Soggiorno            4,85 x 3,78 m
Camera matrimoniale  3,93 x 3,63 m
Camera singola       3,22 x 2,97 m
Cucina separata      3,02 x 2,41 m
Bagno con doccia     2,41 x 1,49 m

Canone: 65,000 LKR al mese, luce e acqua escluse
Deposito cauzionale: 3 mensilità (rimborsabile)
Anticipo: 3 mensilità, scalate dal canone
```

பலெர்மோ அக்கா | 2023 பெப்ரவரி 11, பகல் 11.15

நன்றாக வந்திருக்கு. வாடகையில் மட்டும் 65,000 என்று காற்புள்ளி நிற்கிறது. அறை அளவுகளில் காற்புள்ளியைத் தசமத்துக்குப் பாவித்துவிட்டு, வாடகையில் ஆயிரத்துக்குப் பாவித்தால் அறுபத்தைந்து ரூபா என்று வாசிப்பார்கள். 65.000 என்று புள்ளி வையுங்கோ. அன்ரி போடுகிற அந்த /- அடையாளத்தை எடுத்தது நல்லது, அங்கே யாருக்கும் விளங்காது.

றெஜ்ஜோ தம்பி | 2023 பெப்ரவரி 11, பகல் 11.50

அறுபத்தைந்து ரூபாவுக்கு என்றால் நானே வாறேன்.

LKR என்பதை இத்தாலிய மொழியில் முழுதாக எழுதவில்லையா?

கடலோரம் | 2023 பெப்ரவரி 11, மதியம் 12.05

முழுதாக எழுதினால் "ரூப்பியா சிங்கலேசே" என்றுதான் அவர்கள் வழக்கம். அன்ரிக்கு அதை வாசித்துக் காட்டினேன். "என்ர வாடகை ஏன் சிங்களத்தில வருது" என்றா. LKR போதும்.

பாலையூற்றுப் பிள்ளை | 2023 பெப்ரவரி 11, இரவு 8.10

அக்கா, கணவர் கேட்டுவிட்டார். உள் தரை அளவுதானாம். விளம்பரத்தில் 60 என்று இருந்த வீடு அளந்தால் 49. வேறு வீடு பார்க்கிறார். இந்த முறை கல்பெஸ்தாபிலே எவ்வளவு என்று கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கடலோரம் | 2023 பெப்ரவரி 19, இரவு 9.00

விளம்பரம் போட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் கடற்கரைக்கு எத்தனை மீற்றர் என்றார். நடந்தால் நாலு நிமிடம் என்றேன், சரி என்றார். ஒரு பெண் பாத்ரூமில் கழுவுகிற சின்னத் தொட்டி, பிதே, இருக்கா என்று கேட்டா. அங்கே வீட்டில் ஒரு பாத்ரூமிலாவது அது இருக்க வேண்டும் என்று அதே 1975 ஆணையிலேயே இருக்கிறதாம், அக்கா தனிச்செய்தியில் சொன்னா. பிதே இல்லை, ஆனால் கொமோட்டுக்குப் பக்கத்தில் கைத்தண்ணீர்க் குழாய் உண்டு என்பதை "தொச்செத்தா இஜியெனிக்கா" என்று எழுதி அனுப்பினேன். அவவுக்குத் திருப்தி. விளம்பரத்திலும் அதைச் சேர்த்துவிட்டேன்.

மூன்றாமவர் மிலானோக்காரர். 56 கல்பெஸ்தாபிலே என்றால் கொம்மெர்ச்சாலே எவ்வளவு என்று கேட்கிறார், மற்ற வீடுகளோடு ஒப்பிட வேண்டுமாம். முதலில் 57 என்றபோது 71 வந்தது, இப்போ 56 ஆகிவிட்டதே, 70 என்று எழுதவா?

பழைய ஓவர்சியர் | 2023 பெப்ரவரி 19, இரவு 9.30

71தான். அறையில் குறைந்த ஒரு மீற்றர் எங்கும் போகவில்லை, சாந்தாகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. சுவர் அந்தக் கணக்கில் சேரும்.

கடலோரம் | 2023 பெப்ரவரி 19, இரவு 9.45

71 என்று அனுப்பிவிட்டேன். கூரை உயரமும் கேட்டிருக்கிறார், அதை நாளைக்கு அளக்க வேண்டும். ஏணி யாரிடமாவது இருக்கா?